ஒரே ஆலையில் அரைத்தால் ஒரே பொடியா?

அந்த வீடியோவை இன்னும் யாராவது எனக்கு அனுப்பாமல் இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஒரு கையில் சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் மிளகாய்த்தூள், இன்னொரு கையில் நாம் எல்லோரும் அறிந்த பிராண்டு. பின்பக்கத்தைத் திருப்பினால் இரண்டிலும் அதே ஆலை முகவரி. "பாருங்க மக்களே, பேருக்காக இருபது ரூபாய் அதிகம் வாங்குறாங்க, பகல் கொள்ளை" என்று முடிகிறது. அதை ஷேர் செய்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள். அதுதான் வலிக்கிறது.

நானும் வத்தல் அரைக்கிறவன். எங்கள் பெயரிலும் பாக்கெட் போடுகிறோம், கடைகளின் பெயரிலும் போட்டுக் கொடுக்கிறோம். அதனால் சொல்கிறேன்: ஒரே ஆலை என்றால் ஒரே பொருள் இல்லை.

கடையிலிருந்து ஆர்டர் வரும்போது கூடவே ஒரு தாள் வரும். அதில் பெரும்பாலும் முதலில் இருப்பது விலை. தரம் என்ற இடத்தில் 'எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி' என்று இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அந்த விதி என்ன சொல்கிறது? மிளகாய்த்தூளில் ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நார் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இப்படிச் சில வரம்புகள். இந்த வரம்பைத் தாண்டினால் குற்றம். ஆனால் இந்த வரம்புக்குள்ளேயே எத்தனையோ விதமாக அரைக்கலாம்.

எங்கள் பெயரில் போகும் தூளுக்குக் காம்பு கிள்ளிய வத்தல்தான் போடுவோம். அதற்கென்றே பெண்கள் உட்கார்ந்து கிள்ளுகிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. காரத்துக்குக் குண்டூர் வத்தல், நிறத்துக்குக் கொஞ்சம் பேடகி. கடைக்காரர் சொன்ன விலைக்குள் வர வேண்டுமென்றால் முதலில் கைவைப்பது அந்தக் கூலியில்தான். காம்போடு அரைத்தால் எடை கூடும், நிறம் மங்கும். அப்புறம் குளிர்கிடங்கில் கிடந்த போன வருஷத்துச் சரக்கு. அப்புறம் தனியாக மலிவாகக் கிடைக்கும் விதை. விதை அதிகம் சேர்ந்த தூளை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் சிவப்பு வெளுத்து ஆரஞ்சு பக்கம் போயிருக்கும், வெளிர்மஞ்சள் பொடிகள் தெரியும். சோதனையில் அந்த வரம்புகளைத் தாண்டாது, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு ஸ்பூன் போட்ட குழம்புக்கு ஒன்றரை ஸ்பூன் போடுவீர்கள்.

கடை லேபிளில் நல்ல சரக்கே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்களிடமே ஒரு கடைக்காரர் காம்பு கிள்ளியதுதான் வேண்டும் என்று கேட்டு, அதற்கான விலையும் கொடுத்து வாங்குகிறார். அதை அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது, முகவரி இல்லை.

சரி, இருபது ரூபாய் எங்கே போகிறது? வரியை ஒதுக்கிவிட்டு, தோராயமாக ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். எங்கள் 200 கிராம் பாக்கெட் 100 ரூபாய் என்று வையுங்கள். கடைக்கு 20. டிஸ்ட்ரிபியூட்டருக்கு 6. வண்டி, விற்பனைப் பையன்கள், ஸ்கீம், கண்ணுக்கு நேரான ரேக்கில் வைக்கக் கொடுக்கும் காசு, எக்ஸ்பைரி ஆகித் திரும்பி வரும் பாக்கெட் எல்லாம் சேர்ந்து 14. தூளும் உறையும் 54. எனக்கு 6. அதே கடையின் சொந்த பாக்கெட் 78 ரூபாய். எனக்கு அவர் கொடுப்பது 52, தூளும் உறையும் 49, மிச்சம் 3. கடைக்கு 26. விலை குறைந்த பாக்கெட்டில் கடைக்காரருக்குக் கிடைப்பது அதிகம். அந்த வீடியோக்காரர் இதைச் சொன்னாரா?

உடனே என் மச்சான் சண்டைக்கு வருவார். பஜாரில் பெரிய கடை வைத்திருக்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "மாப்ள, அந்த 26 மொத்தமும் லாபமா? விக்கலைன்னா யாருக்குத் திருப்பிக் கொடுப்பேன்? என் பெயர் போட்ட பாக்கெட், என் தலையில்தான் விடியும்" என்பார். உண்மை. பெரிய கம்பெனிச் சோப்பிலும் பிஸ்கட்டிலும் அவருக்கு நிற்பது சொற்பம், ஆனால் அதை வைக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சொந்தச் சரக்கு கையில் இருந்தால்தான் கம்பெனிக்காரனிடம் பேரம் பேச முடியும். 2009-இல் அமெரிக்காவில் காஸ்ட்கோ, விலைத் தகராறில் கோக்கையே சில வாரங்கள் வாங்காமல் நிறுத்தி வைத்தது. அந்தப் பலம் மச்சானுக்கு இல்லை, ஆசை இருக்கிறது. அவர் துவரம்பருப்பைத் தன் பெயரில் பாக்கெட் போடுகிறார், அருமையான பருப்பு. அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

நான் குறை சொல்வது வேறு. முதலில் எங்கள் பிராண்டைக் கடையில் ஏற்றுவார்கள். எந்த அளவு பாக்கெட், எந்த ஏரியாவில், மாதம் எத்தனை போகிறது என்ற கணக்கு முழுக்க அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். எது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அதே அளவில், அதே சிவப்பு உறையில் அவர்கள் பாக்கெட் வரும். எங்களுடையது கீழ்த்தட்டுக்கு இறங்கும். அமேசான் இந்தியாவில் விற்பனைத் தகவலைப் பார்த்துத் தன் சொந்தப் பொருள்களை உருவாக்கியது என்று 2021 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. அமேசான் மறுத்தது. எனக்கு அந்தச் செய்தியில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கடைக்குழுமம் எங்களுக்கு இதையேதான் செய்தது, அதுவும் எங்களிடமே அரைத்து வாங்கிக்கொண்டு.

"அப்படியானால் ஏன் அவர்களுக்கு அரைத்துக் கொடுக்கிறாய்?" என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிக்குச் சொல்கிறேன். மெஷின் சும்மா நின்றாலும் கடன் தவணை நிற்காது, ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாதம் இத்தனை டன் என்று நிச்சயமாக ஓர் ஆர்டர் வந்தால், பாக்கெட்டுக்கு 3 ரூபாய் என்றாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஆலை ஓட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே கடைக்குப் போனால், அப்புறம் விலை சொல்வது நான் இல்லை. வத்தல் விலை ஏறிய வருஷம் அந்தக் குழுமத்திடம் ஏற்றிக் கேட்டேன். பதிலே இல்லை. பிறகு டிசைனை மாற்றிவிட்டார்கள். உறை ஃபிலிம் கொஞ்சமாக அச்சடிக்க முடியாது, அச்சு சிலிண்டர் செலவுக்கே மொத்தமாகத்தான் அடிக்க வேண்டும். அவர்கள் பெயர் போட்ட ரோல்கள் இன்றும் எங்கள் குடோனில் கிடக்கின்றன. வேறு யாருக்கும் உதவாது, எடைக்குத்தான் போட வேண்டும். அந்தப் பணத்தை யாரும் தரவில்லை.

பாக்கிப் பணமும் அப்படித்தான். சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தாமதித்து, நிதியாண்டு முடிவதற்குள்ளும் கொடுக்காவிட்டால் வாங்கியவர் வருமான வரியில் அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விதி வந்துவிட்டது. விதி வந்ததும் சில பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒழுங்காகப் பணம் கொடுக்கத் தொடங்கவில்லை. எம்.எஸ்.எம்.இ. என்ற சிறுதொழில் பதிவு இல்லாத ஆலைகளைத் தேடிப் போனார்கள். பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன் என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

விளம்பரத்தில் நடிகையைப் போட்டுக் கோடிகளைக் கொட்டும் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் பேசட்டும், அவர்களுக்கு வாய் இருக்கிறது. ஆனால் இருபது ரூபாய் வித்தியாசத்தில் காம்பு கிள்ளும் அக்காக்களின் கூலியும் இருக்கிறது, திரும்பி வரும் பாக்கெட்டின் நஷ்டமும் இருக்கிறது. இதையெல்லாம் கொள்ளை என்று ஒருவர் சொல்ல, எங்கள் சரக்கை விற்றுப் பிழைக்கும் கடைக்காரர்களே அதை ஷேர் செய்கிறார்கள்.

அந்த வீடியோ போட்ட தம்பியை ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு பாக்கெட்டையும் பிரிக்காமல் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள். நார் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று வரும். இரண்டும் ஒன்றுதான் என்று அறிக்கை வந்தால் அதையும் வீடியோவாகப் போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன். லேப் செலவு என்னுடையது.