பலா வாசத்துக்கு எசன்ஸ் தேவையில்லை

"பாக்கெட்டில் பலாப்பழ வாசம்னு போட்டிருந்தா எசன்ஸ் ஊத்தியிருக்காங்க. கோப்பின்னா ஸ்ட்ராங், மைல்ட் ரெண்டுதான்."

அண்ணே, பாதி சரி. எசன்ஸ் கலந்த கோப்பியும் விற்கிறார்கள், பொருள் பட்டியலில் தெரிந்துவிடும். ஆனால் நம்ம ஜொகூரில் விளையும் லிபெரிக்கா வகைக் கோப்பியில் அந்த வாசம் கொட்டையிலேயே வரும்.

ஸ்ட்ராங் என்பது எவ்வளவு தூள் போட்டோம் என்பதுதான். 15 கிராம் தூளில் 200 மில்லி போட்டு, பாதியை எடுத்து அதே அளவு சுடுதண்ணீர் விட்டுக் குடித்துப் பாருங்கள், மைல்டாகிவிடும், ஆனால் பலா வாசம் எங்கேயும் போகாது. நம்ம தோட்டத்துக் கடை கோப்பி-ஓவில் ஸ்ட்ராங் என்று சொல்வதில் பாதி, சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்த கருகல்தான்.

வாசத்துக்குப் பெயர் வைக்க, கோப்பிச் சுவைகளை வட்டமாக வரிசைப்படுத்திய சுவைச் சக்கரம் என்ற படம் இருக்கிறது, அதை நடுவிலிருந்து வெளியே படிக்க வேண்டும். பழம்தானா? எலுமிச்சை மாதிரியா, பெர்ரி மாதிரியா, வேறு பழமா? 2016-இல் வந்த சக்கரத்தில் அன்னாசி இருக்கிறது, பலா இல்லை (நம்மைக் கேட்காமல் போட்டது!), அதனால் நம்ம வார்த்தையை நாமே சேர்த்துக்கொள்ளலாம். கெட்டிப்பால் ஊற்றுவதற்கு முன், கொஞ்சம் ஆறவிட்டுக் குடிங்க.

என் மச்சான் அதே கோப்பியில் புளித்த வாடை மட்டும்தான் வருகிறது என்கிறான், அது பழமா கெட்டதா என்று இன்னும் சண்டை.