மாடுலேஷன் டெப்த் 0.33 இல்ல, 0.5

AM அலையோட படத்தைப் பாத்து மாடுலேஷன் டெப்த் m-ஐயும் பேண்ட்வித்தையும் கண்டுபிடிக்கச் சொன்ன கேள்விக்கு இங்க ஒருத்தர் போட்ட விடை இது:

"படத்துல என்வலப் உச்சம் 15 V, அடி 5 V. அதனால m = 5/15 = 0.33. ரெண்டு உச்சத்துக்கு நடுவுல 0.2 ms, அதனால பேண்ட்வித் 5 kHz. m கூடினா பேண்ட்வித்தும் கூடும்."

இதுல 5 kHz வரைக்கும் சரிதாங்க, ஆனா அது மெசேஜோட ஃப்ரீக்வென்சி, கேரியருக்கு மேல ஒரு சைட்பேண்ட் கீழ ஒரு சைட்பேண்ட் வருதுல்ல, அதனால பேண்ட்வித் 10 kHz. m-ஐ ஏத்தினா அந்த சைட்பேண்டுகளோட உயரம்தான் ஏறும், இடம் நகராது.

5/15 போட்டது தப்பு. கேரியர் அளவு படத்துல நேரா தெரியாது, உச்சத்துக்கும் அடிக்கும் நட்டநடுவுல 10 V-ல இருக்கு, என்வலப் அதுக்கு மேலயும் கீழயும் 5 V ஆடுது, அப்போ m = 5/10 = 0.5. இதே கேள்விக்கு இன்னொருத்தர் பீக்-டு-பீக்கா 30, 10-னு எடுத்திருக்காரு, (30−10)/(30+10) போட்டாலும் அதே 0.5 தான், அதுக்குப் போயி ஏன் சண்டைன்னு தெரியல.

தன்னோட கேள்வியில அலை பூஜ்யத்தைத் தொடுது, நடுவுல 3 V-க்கு சின்னதா ஒரு மேடு வருதுன்னு கேட்டவருக்கு: அது ஓவர்மாடுலேஷன், அடியை −3-னு எடுங்க, (15+3)/(15−3) = 1.5 வரும். +3 போட்டா 0.67 வந்து நல்ல பிள்ளை மாதிரி நிக்கும், ஏமாந்துடாதீங்க.

இதெல்லாம் என்வலப் சுத்தமான சைன் அலையா இருந்தாத்தான். முக்கோணமா இருந்தா ஹார்மானிக்ஸும் சேரும், 10 kHz பத்தாது. போட்டோ மங்கலா இருக்கு, எனக்கு சைன் மாதிரிதான் தெரியுது, கேள்வியில மெசேஜ் பத்தி என்ன எழுதியிருக்குன்னு யாராவது பாத்து சொல்லுங்க.