நாலு ஸ்கிரீனுக்குக் காசு கட்டியாச்சு, அப்புறம் எதற்கு வீட்டுக் கணக்கு?

அப்பாவிடமிருந்து போன் வந்தபோது நான் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்ததும் பயந்து வெளியே வந்து பேசினேன். "ஒண்ணுமில்லம்மா, டிவில ஏதோ நம்பர் கேக்குது. உன் போனுக்கு அனுப்பியிருக்கோம்னு போட்டிருக்கு" என்றார். தேடிப் பார்த்தேன், நாலு இலக்க எண் வந்திருந்தது. சொன்னேன். அவர் ரிமோட்டில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டி முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. "சரி விடும்மா, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார். நாள் முழுக்க அந்தக் குரல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் படம் பார்க்கும் ஓடிடி சேவை அது. சந்தாவை நான்தான் கட்டுகிறேன். அவர்கள் பார்ப்பதற்காகவே பெரிய பிளானை எடுத்திருந்தேன். ஆனால் ஒரு சந்தாவை ஒரே வீட்டில் இருப்பவர்கள்தான் பயன்படுத்தலாம் என்பது விதி, அவர்கள் இருப்பது வேறு வீட்டில். சேவையின் கணக்குப்படி என் அப்பாவும் அம்மாவும் என் குடும்பம் இல்லை.

அதன்பிறகு உட்கார்ந்து இந்த விதிகளை முழுதாகப் படித்தேன். படித்தபிறகு கோபம் குறையவில்லை, ஆனால் அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெளிவாயிற்று. பல குடும்பங்கள் தேவைக்கு மேலே பணம் கட்டிக்கொண்டிருக்கின்றன என்பதும் தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த, விதிகளும் விலையும் வெளிப்படையாக இருக்கிற நெட்ஃபிளிக்ஸையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2017இல் "பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு" என்று ட்விட்டரில் எழுதிய நிறுவனம் அது. 2022இல் சிலி, பெரு, கோஸ்டா ரிகாவில், வேறு வீட்டில் இருப்பவர்களைச் சேர்ப்பதற்கான கூடுதல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 2023 பிப்ரவரியில் கனடா, நியூசிலாந்து, ஸ்பெயின், போர்ச்சுகலுக்கும், மே மாதம் அமெரிக்கா உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அடுத்தவர் கணக்கில் பார்க்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். 2024இல் டிஸ்னி பிளஸும் அதே வழிக்கு வந்தது.

இதில் 'வீடு' என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. ரேஷன் கார்டோ முகவரிச் சான்றோ யாரும் கேட்பதில்லை. ஜிபிஎஸ் வைத்தும் பார்ப்பதில்லை. முக்கிய சாட்சி, ஹாலில் இருக்கும் டிவி. அந்த டிவி எந்த இணைய இணைப்பில் இருக்கிறதோ அதுதான் வீடு. அதே இணைப்பில் வந்து போகிற போன், லேப்டாப், டேப்லெட் எல்லாம் அந்த வீட்டைச் சேர்ந்தவை. ஐபி முகவரி, கருவியின் அடையாள எண், கணக்கு பயன்படுத்தப்படும் விதம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இந்தக் கருவி வீட்டுடையதா வெளியாருடையதா என்று தீர்மானிக்கிறார்கள்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் லேப்டாப்பில் பார்க்கிறான், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து அதே லேப்டாப்பை வீட்டு வைஃபையில் போடுகிறான். அவனுக்குப் பெரும்பாலும் தொல்லை குறைவு. வேறு வீட்டில் இருக்கும் வயதானவர்கள் பார்ப்பது டிவியில். அந்த டிவி ஒரு நாளும் நம் வீட்டு வைஃபைக்கு வரப்போவதில்லை. வாரம் ஒரு படம் பார்க்கிற அவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள், நாள் முழுக்க லேப்டாப்பில் பார்க்கிறவன் தப்பிக்கிறான். பயன்பாடு எவ்வளவு என்பதற்கும் இந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை.

பயணம் போகிறவர்களுக்கு என்று தற்காலிகமாகப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோ ஒரு எண் வரும், பதினைந்து நிமிடத்துக்குள் அதைத் திரையில் போட வேண்டும். ஓட்டல் அறைக்கு அது சரி. தினமும் வாழ்கிற இரண்டாவது வீட்டுக்கு அது வழியே இல்லை. ஒரு கணக்குக்கு ஒரே வீடுதான். இங்கே மாற்றி அங்கே வைத்தால், இங்கே இருக்கும் டிவி வெளியாராகிவிடும்.

உண்மையாகவே ஒரே வீட்டில் இருப்பவர்களும் சில சமயம் சிக்குவார்கள். டிவி வீட்டு வைஃபையில் இருக்க, ஒருவர் மட்டும் போனின் மொபைல் டேட்டாவிலேயே எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தால் 'இது உங்கள் வீடு இல்லை' என்ற செய்தி வரும். லேப்டாப்பில் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் வரும். இணைய நிறுவனத்தை மாற்றிய பிறகு திடீரென்று வருகிறதென்றால் காரணம் அதுதான். இப்படி வந்தால் பயந்து கூடுதல் கட்டணம் கட்டிவிடாதீர்கள். விபிஎன்னை அணைத்து, எல்லாக் கருவிகளையும் டிவி இருக்கும் அதே வைஃபையில் சேர்த்து, டிவியின் மெனுவிலிருந்தே வீட்டைப் புதுப்பித்தால் போதும். வேறு வீட்டில் இருப்பதால் அந்த வைஃபையில் சேரவே முடியாத டிவிக்கு மட்டும்தான் காசைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். 2025 ஜனவரியில் அமெரிக்காவுக்கு நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த விலையை வைத்துக் கணக்குப் போடுகிறேன், வரி சேர்க்காமல். விலை மாறிக்கொண்டே இருக்கும், நாட்டுக்கு நாடு வேறு, ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். ஒரு குடும்பம். பெரிய வீட்டில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. தாத்தா பாட்டி தனி வீட்டில், டிவியோடு. மூத்த மகள் வேலை கிடைத்துத் தனியாக ஒரு டிவி வாங்கி வைத்திருக்கிறாள். மூன்று இடம். நாலு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பதால் 24.99 டாலர் பிரீமியம் பிளானை எடுத்திருந்தார்கள். இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் மாதச் செலவு அவ்வளவுதான்.

இப்போது பிரீமியத்தில், வேறு வீட்டில் இருக்கும் இரண்டு பேரைக் கூடுதல் உறுப்பினர்களாகச் சேர்க்கலாம். விளம்பரம் இல்லாமல் ஆளுக்கு 8.99. மொத்தம் 42.97 ஆகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 216 டாலர் அதிகம். பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன, ஏனென்றால் திரையில் முதலில் கண்ணில் படுகிற பொத்தான் அதுதான். அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று அவசரத்தில் அழுத்திவிடுவோம். நானும் கிட்டத்தட்ட அழுத்திவிட்டேன்.

ஆனால் அந்த 8.99க்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கூடுதல் உறுப்பினருக்கு ஒரே ஒரு புரொஃபைல். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவி. தாத்தா டிவியில் பார்த்தால் பாட்டி டேப்லெட்டில் பார்க்க முடியாது. அவர் கணக்கு வைத்திருப்பவரின் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வழி கிடையாது.

பக்கத்திலேயே விளம்பரத்தோடு வரும் தனிச் சந்தா இருக்கிறது, 7.99. அது முழுக் கணக்கு. இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் பார்க்கலாம், ஆளுக்கொரு புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம், வீடும் அவர்கள் வீடே. விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், சில படங்கள் அந்தப் பிளானில் வராது. ஆனால் கூடுதல் உறுப்பினரை விட ஒரு டாலர் குறைவு. 'விளம்பரத்தோடு கூடுதல் உறுப்பினர்' என்று 6.99க்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு டாலரை மிச்சம் பிடிக்க ஒரு கருவி, ஒரு புரொஃபைல் என்று சுருங்கிக்கொள்வதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தாத்தா பாட்டியும் மகளும் தனிச் சந்தாவுக்குப் போய்விட்டால், பெரிய வீட்டில் இருப்பது மூன்று பேர். நாலு ஸ்கிரீன் யாருக்கு? 4கே தரம் உங்கள் டிவியில் உண்மையிலேயே தேவைப்பட்டால் தவிர, பிரீமியத்தை விட்டு 17.99 ஸ்டாண்டர்டுக்கு இறங்கலாம். இரண்டு ஸ்கிரீன், முழு எச்டி. அதோடு இரண்டு விளம்பரச் சந்தா சேர்த்தால் 33.97. கூடுதல் உறுப்பினர் வழியை விட மாதம் 9 டாலர், வருடம் 108 டாலர் மிச்சம். வெறும் 24.99ஐ விட அதிகம்தான், அந்த நாட்கள் திரும்பப்போவதில்லை. ஆனால் பிரீமியத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கூடுதல் கட்டணமும் கட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம்.

என் கோபம் போய் நின்றது இங்கேதான். பிரீமியம் பிளானை நாலு ஸ்கிரீன் என்று சொல்லித்தானே விற்றார்கள். ஐந்தாவது ஸ்கிரீனில் போட்டால் ஓடாது. யார் எங்கே இருந்தாலும் நாலுக்கு மேல் போக முடியாது என்ற வேலி முதலிலிருந்தே இருந்தது, அதற்கான விலையையும் நாம் கட்டினோம். அதே நாலு ஸ்கிரீனுக்கு இப்போது இடத்தை வைத்து இரண்டாவது முறை வசூலிக்கிறார்கள். யாரென்றே தெரியாத பத்துப் பேரிடம் பாஸ்வேர்டை விற்பவனைத் தடுக்கட்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பெற்ற பிள்ளை கட்டும் பணத்தில் அப்பா அம்மா பார்ப்பதும் அதுவும் ஒன்றாக முடியாது. இரண்டு வீடு, ஒரே குடும்பம் என்று பதிவு செய்யும் ஒரு பிளானை, கொஞ்சம் அதிக விலைக்காவது, வைத்திருக்கலாம். 2022இல் அர்ஜென்டினா முதலிய சில நாடுகளில் 'வீட்டைச் சேர்' என்றே ஒரு சோதனை நடந்தது. உலகம் முழுக்கக் கொண்டுவந்தபோது ஆளைச் சேர்க்கும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

2023 ஜூலையில் இந்தியாவுக்கு இந்தக் கட்டுப்பாடு வந்தபோது கூடுதல் உறுப்பினர் வசதியே தரவில்லை. அண்மையில்தான் விலையைக் குறைத்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதனால் அங்கே தனிச் சந்தா ஒன்றே வழி. பெரிய வீட்டின் பிளானை ஒரு படி இறக்க முடியுமா என்ற கேள்வி அங்கேயும் அப்படியே பொருந்தும்.

பிரிந்து போகும்போது பழைய புரொஃபைலை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். புரொஃபைலை இன்னொரு கணக்குக்கு மாற்றும் வசதி நெட்ஃபிளிக்ஸில் 2022 அக்டோபரிலிருந்தே இருக்கிறது. பார்த்தவை, பார்க்க எடுத்துவைத்தவை எல்லாம் அப்படியே கூட வரும். யாருக்கு மாற்றுகிறோமோ அவர் பெயரில் தனிப் புரொஃபைல் இருக்க வேண்டும். தாத்தாவும் பேரனும் ஒரே புரொஃபைலில் பார்த்திருந்தால் இரண்டு பேருடையதும் கலந்தே போகும். பிரிப்பதற்கு முன் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பயன்படுத்தும் சேவையிலும் இதே மாதிரிதான் செய்தேன். எங்கள் பிளானை ஒரு படி இறக்கினேன், அப்பா அம்மாவுக்குத் தனிச் சந்தா எடுத்தேன். பணம் நான்தான் கட்டுகிறேன், ஆனால் போன் எண் அம்மாவுடையது. போன வாரம் புது டிவி பெட்டி வைத்தபோது மறுபடியும் எண் கேட்டிருக்கிறது. அது அம்மாவின் போனுக்கே வந்திருக்கிறது. அம்மா எண்ணை வாசிக்க, அப்பா ரிமோட்டில் போட்டிருக்கிறார். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.