பெயரைச் சேர்த்து எழுதிப் பார்த்தீர்களா?

போன மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒரு தாளோடு வந்தார். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிரசவம் ஆன பெண்களுக்கு முதல் நாற்பது நாள் வீட்டுக்கே போய் உதவும் சேவை ஒன்றைத் தொடங்கப் போகிறார். பெயர் தாய்மைத் துணை. “தம்பி, இந்தப் பேர்ல வெப்சைட் வாங்கித் தா, நாளைக்கே போர்டு எழுதக் கொடுக்கணும்” என்றார். தாளில் தமிழிலும், கீழே Thaimai Thunai என்று ஆங்கில எழுத்திலும் அழகாக இடம் விட்டு எழுதியிருந்தார்.

அந்த இடம்தான் சிக்கல். இணைய முகவரியில் இடைவெளி விட முடியாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் கிடையாது. நீங்கள் எப்படித் தட்டினாலும் பிரவுசர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடும். ஆகவே உலகம் பார்க்கப்போவது அக்கா எழுதியதை அல்ல, இதை: thaimaithunai.

நடுவில் பாருங்கள். maithun. இந்தியில் இதற்கு உடலுறவு என்று பொருள். நம் பழைய நூல்களில் வரும் மைதுனமும் இதுவேதான். தாய்மையின் கடைசி மூன்று எழுத்தும் துணையின் முதல் நான்கு எழுத்தும் ஒட்டியதும் அந்தச் சொல் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டது. முன்னால் மிஞ்சுவது thai. வடக்கே இருந்து வந்து இங்கே குடியிருக்கும் ஒரு பெண் இந்த முகவரியை எப்படிப் படிப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். குழந்தை பெற்று வீட்டில் இருப்பவளுக்கு உதவ வருகிறோம் என்று சொல்லும் இடத்தில் இது வரவே கூடாது.

இது அக்காவின் கவனக்குறைவு இல்லை. பெயர் வைத்தவருக்கு இது தெரியாது, தெரியவும் முடியாது. எங்கே பிரிக்க வேண்டும் என்பது அவர் மனதில் ஏற்கனவே இருக்கிறது. கண் நேராக அங்கே போய்ப் பிரித்துக்கொள்கிறது. நமக்கு இது புதிதும் அல்ல. வேங்கை என்றால் மரம், புலி. அதையே வேம் கை என்று பிரித்தால் வேகிற கை. பிரிமொழிச் சிலேடை என்று பெயர் வைத்து ரசித்தவர்கள் நாம். அங்கே புலவர் தெரிந்தே செய்தார். இங்கே தெரியாமலே நடந்துவிடுகிறது.

2013 ஏப்ரல் 8 அன்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தார். ட்விட்டரில் #nowthatchersdead என்ற ஹேஷ்டேக் ஓடியது. தாட்சர் இறந்துவிட்டார் என்று சொல்வதாகத்தான் எழுதியவர்கள் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்கப் பாடகி ஷெர் இறந்துவிட்டார் என்று படித்துப் பதறியவர்கள் ஏராளம். காரணம் எளிது. Thatcher என்ற பெயரின் முதல் நான்கு எழுத்து that. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொற்களில் ஒன்று. கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். பிடித்த பிறகு மிஞ்சுவது chers. அதுவும் பிரபலமான ஒருவரின் பெயர், ஷெரை ஆங்கிலத்தில் Cher என்றுதான் எழுதுவார்கள். இரண்டு விதமாகவும் ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் பிரிகிறது, இரண்டும் அர்த்தமுள்ள வாக்கியம். ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே ஒரு வெட்டில் மாறிப்போனது.

“மிச்சமில்லாமல்” என்பதுதான் இதில் உரைகல். அந்த ஹேஷ்டேக்கின் பதினாறு எழுத்தை எத்தனையோ விதமாக வெட்டலாம், பெரும்பாலானவை குப்பை. எங்காவது ஓர் எழுத்து அநாதையாகத் தொங்கினால் கண் தானாகவே திரும்பி வந்து வேறு மாதிரி பிரித்துப் பார்க்கும். எதுவும் தொங்காமல் பிரிகிற இரண்டாவது வழி இருந்தால்தான் ஆபத்து. (தவறான சொல் கெட்ட வார்த்தையாக இருந்தால் ஓர் எழுத்து தொங்கினாலும் கண் அங்கேயே நின்றுவிடும். thaimaithunai அந்த வகை: கடைசியில் ai தொங்குகிறது, ஆனால் maithun என்று தெரிந்த பிறகு யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்?)

சரி, அக்காவிடம் சொன்னேன். முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு அவரே “தாய்க்குத் துணைன்னு வெச்சிடலாமா?” என்றார். எழுதினோம்: thaikkuthunai. இந்த முறை அவருடைய மகளைக் கூப்பிட்டு, என்ன பெயர் என்று சொல்லாமல், சத்தமாகப் படிக்கச் சொன்னோம். “தாய்க் குத்து... நாய்?” என்றாள். kuthu, nai. முன்னால் நிற்கும் கூடுதல் k தொங்கவில்லை, ஏனென்றால் குத்து என்ற சொல்லுக்கு முன்னால் க் மிகுவது தமிழ்க் காதுக்கு இயல்பாக இருக்கிறது. சந்தி எழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆங்கிலத்தில் பன்மைக்கு வரும் s இதே வேலையைச் செய்யும். கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கு நிபுணர்கள் பதில் சொல்லும் Experts Exchange தளம் முதலில் expertsexchange.com என்று இருந்தது. அந்த s பின்னால் நகர்ந்து அடுத்த சொல்லோடு சேர்ந்தால், பாலின மாற்று சிகிச்சை நிபுணர் என்று படிக்கலாம். பிறகு நடுவில் ஒரு கோடு போட்டு experts-exchange.com ஆக்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் நாமும் கோடு போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முகவரியில் போடலாம். ஆனால் ஃபோனில் சொல்லும்போது “நடுவுல ஒரு கோடு” என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். ஹேஷ்டேக்கில் கோடு போட்டால் அந்த இடத்தோடு ஹேஷ்டேக் அறுந்துவிடும். அங்கே #ThaimaiThunai என்று ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குவது நல்ல வழக்கம்தான், திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கும் அது உதவும். ஆனால் அடுத்தவர் பகிரும்போது எல்லாவற்றையும் சின்ன எழுத்தில்தான் தட்டுவார். பெயரிலேயே சரிசெய்வதுதான் நிற்கும்.

அப்புறம் தெரிந்தது, துணை என்ற சொல்லே தொல்லை. thunai என்று எழுதினாலே கடைசியில் nai வந்து நிற்கும். முன்னால் எதைச் சேர்த்தாலும் அது போகாது. அதை விட்டுவிட்டு தாய்மைத் தோழி என்று எழுதினோம்: thaimaithozhi. இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை, எங்கெல்லாம் சொல் முடிகிறது என்று விரல் வைத்துப் பார்த்தோம். வலமிருந்து வரும்போது ozhi கிடைத்தது. ஒழி! ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். ஆனால் அப்படி வெட்டினால் முன்னால் thaimaith என்று ஒரு th தொங்குகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் த் மிகாது, ஆகவே நாக்கு அங்கே நிற்காது. மகளிடமும், இந்தி பேசும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் தனித்தனியாகக் காட்டினோம். மூன்று பேருமே thaimai வரை போய் நிறுத்தினார்கள்.

மறுநாள் பதிவு செய்துவிட்டு, போர்டுக்குக் கொடுத்தோம். அக்கா இப்போதே திருச்சியில் ஒரு கிளை பற்றிப் பேசுகிறார். ஊர்ப் பெயரைப் பின்னால் சேர்த்து ஹேஷ்டேக் போடணுமாம். அது ஒரு புது ஒட்டு, அதையும் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், முதலில் மகள் படிக்கட்டும்.