செப்சிஸ் கார்டில் காய்ச்சலை முதல் வரியாகப் போடாதீர்கள்

கிருமித் தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடல் தன் உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலைதான் செப்சிஸ். அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வார்டு மிஸ்ஸிகளுக்காக அடிக்கப்படும் கார்டுகள் பலவற்றில் முதல் வரி காய்ச்சல்தான். 38 டிகிரிக்கு மேல் என்று தடித்த எழுத்தில் இருக்கும். அந்த வரி கீழே போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன் இடத்தில் இரண்டு வரிகள் வேண்டும்: ஒரு முழு நிமிடம் எண்ணிய மூச்சு, புதிதாக வந்த குழப்பம். ஏன் என்று சொல்ல ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் விளங்குவதற்காக நான் அமைத்த நோயாளிதான், ஆனால் இந்த வரிசையை வார்டில் வேலை செய்பவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள்.

சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரு சிறு மாவட்ட மருத்துவமனை. பெண்கள் வார்டில் 62 வயது அம்மா, ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர். எடை 50 கிலோ. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு, தினமும் பிஸோப்ரோலோல் சாப்பிடுகிறார். பாதத்தில் ஆறாத புண், அதற்காக அட்மிட் ஆகியிருக்கிறார். மாலை 6 மணிக்கு நாடி 84, பிரஷர் 148/82, மூச்சு 18, ஆக்சிஜன் 97, உடல் சூடு 37. எல்லாம் சரி.

இரவு 10 மணி. உடல் சூடு 36.0, நாடி 92, பிரஷர் 104/58, ஆக்சிஜன் 95. காய்ச்சல் இல்லை. நாடி பெரிதாக ஓடவில்லை. பிரஷர் இன்னும் 100க்கு மேல். சார்ட்டில் மூச்சு 20 என்று எழுதப்படுகிறது, நினைவு 'தெளிவு' என்று டிக் விழுகிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட நியூஸ் 2 மதிப்பெண் முறைப்படி இதைக் கூட்டினால் 4 வரும். 5 வந்தால் டாக்டரை அவசரமாகக் கூப்பிடவேண்டும். 4 என்றால் அடுத்த அளவீடு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, அதாவது விடியற்காலை 2 மணிக்கு மேல்.

இப்போது மூச்சை உண்மையிலேயே எண்ணுங்கள். 24 இருக்கிறது. அதற்கு 2 மதிப்பெண். பக்கத்தில் நிற்கும் மருமகளை இந்த அம்மா எப்போதோ இறந்துபோன தங்கையின் பெயரால் கூப்பிடுகிறார், கையில் ஓடும் டிரிப் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். புதிய குழப்பத்துக்கு 3 மதிப்பெண். மொத்தம் 9. அதே நோயாளி, அதே நிமிடம். 7 வந்தாலே அவசரநிலை. 4க்கும் 9க்கும் நடுவில் நின்றது ஒரு நிமிட எண்ணிக்கையும் ஒரு கேள்வியும் மட்டுமே.

காய்ச்சல் ஏன் வரவில்லை? வயதானவர்களுக்கும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் அந்த அளவுக்குக் கிளர்ந்தெழாமல் போகலாம், சூடு இறங்கவும் செய்யலாம். வலிக்காகக் கொடுக்கப்படும் பாராசிட்டமோலும் அதை அமுக்கிவிடும். பிஸோப்ரோலோல் நாடியைப் பிடித்து வைக்கிறது. அதனால் 92 என்பது இவருக்கு 92 அல்ல, மாத்திரை இல்லாவிட்டால் இன்னும் வேகமாக ஓடியிருக்கும். பிரஷரும் அப்படித்தான். 104 தனியாகப் பார்த்தால் பரவாயில்லை, 148லிருந்து 44 இறங்கியது என்று பார்த்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கார்டில் 'வழக்கமான பிரஷர்' எழுத ஒரு காலி இடம் கட்டாயம் இருக்கவேண்டும்.

மூச்சை மட்டும் மாத்திரை மறைப்பதில்லை. திசுக்களுக்கு ரத்த ஓட்டம் குறையும்போது லாக்டேட் ஏறுகிறது, ரத்தம் அமிலமாகிறது. நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வேகமாக வெளியேற்றி அதை ஈடுகட்டப் பார்க்கிறது. பிரஷர் விழுவதற்கு முன்பே இது தொடங்கிவிடும். ஆனால் வார்டில் எந்திரம் நம்பகமாக அளந்து தராத அளவும் இதுதான். நெஞ்சில் ஒட்டும் மானிட்டர் லீடுகள் நோயாளி அசைந்தாலே தவறான எண்ணைக் காட்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் நான்கு குறையும், 24 இருக்கவேண்டிய இடத்தில் 20 வரும். அதனால் 60 விநாடியும் எண்ணவேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்த விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் நெஞ்சுக்குத் திருப்புங்கள். ஒரு வார்டின் சார்ட்டுகளில் எல்லாக் கட்டிலுக்கும் 18, 20, 18, 20 என்றே வரிசையாக இருந்தால் அங்கே யாரும் எண்ணவில்லை. ஆள் பற்றாத இரவு ஷிப்டில் இது ஏன் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், மிஸ்ஸிகளைத் திட்டிப் பயனில்லை. கார்டின் முதல் வரியே 'மூச்சு: 60 விநாடி எண்ணினேன்' என்று கையெழுத்துக் கேட்டால் நிலைமை மாறும்.

இரண்டாவது வரிக்கு நம் ஊரில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தோட்டத்திலேயே வாழ்ந்து முடித்த பாட்டிமார் பலருக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். பணியில் இருக்கும் மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. பாட்டி பதில் சொல்லாமல் விழித்தால், மொழி புரியவில்லை போலும் என்று விட்டுவிடுகிறார்கள். குழப்பம் அப்படியே ஒளிந்துகொள்கிறது. இதற்குத் தீர்வு சுலபம். கார்டின் பின்பக்கம் தமிழ்க் கேள்விகள் மூன்றை ரூமி எழுத்தில் அச்சடியுங்கள்: 'உங்க பேரு என்ன?', 'இது எந்த இடம்?', 'இப்போ பகலா ராத்திரியா?' பதிலின் அர்த்தம் விளங்காவிட்டால் பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கேட்கலாம், வீட்டுக்கு போன் போடலாம். உறவினரிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: 'இவங்க எப்பவும் இப்படித்தானா, இன்னிக்குத்தான் இப்படியா?' மருமகள் 'இல்லீங்க மிஸ்ஸி, நேத்துகூட நல்லாப் பேசுனாங்க' என்றால் போதும், 3 மதிப்பெண் விழுந்துவிட்டது. எப்போதும் மறதி உள்ளவர் என்று நிச்சயமாகத் தெரியாதவரை அதைப் புதிய குழப்பம் என்றே கணக்கில் வைக்கவேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு, நினைவு, பிரஷர் என்ற மூன்றை மட்டும் வைத்த க்யூசோஃபா என்ற சுருக்கமான மதிப்பெண் முறையை மட்டுமே நம்பி செப்சிஸைத் தேடவேண்டாம் என்று சர்வைவிங் செப்சிஸ் என்ற சர்வதேச வழிகாட்டியின் 2021 பதிப்பு சொல்கிறது. நான் கேட்பது அந்தப் பழைய கார்டை அல்ல. முழு மதிப்பெண்ணும் இருக்கட்டும், அதில் அதிகம் பொய்யாகும் இரண்டு கட்டங்களைக் காவல் காக்கவேண்டும் என்கிறேன்.

சரி, 9 வந்துவிட்டது. அந்த நிமிடத்தைக் கார்டில் எழுதவேண்டும், கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது. 'டாக்டருக்குத் தெரிவிக்கவும்' என்ற வரி எதற்கும் உதவாது. யார், எந்த எக்ஸ்டென்ஷன், பத்து நிமிடத்தில் வராவிட்டால் அடுத்து யார் என்பது அச்சில் இருக்கவேண்டும். சொல்லவேண்டிய வாக்கியமும் அப்படியே இருக்கட்டும்: 'கட்டில் 12, சர்க்கரை நோயாளி, கால் புண். நான்கு மணி நேரத்தில் மதிப்பெண் 0லிருந்து 9. மூச்சு 24, புதிய குழப்பம், பிரஷர் 148லிருந்து 104. செப்சிஸ் என்று சந்தேகிக்கிறேன், இப்போதே வந்து பாருங்கள் டாக்டர்.' இப்படிச் சொன்னால் போனிலேயே ஆர்டர் தொடங்கும். 'அம்மா கொஞ்சம் டல்லா இருக்காங்க' என்றால் காலை ரவுண்டில் பார்க்கிறேன் என்றுதான் பதில் வரும்.

டாக்டர் வரும் வரை கை சும்மா இருக்கவேண்டாம். முதலில் விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். 4க்குக் கீழே என்றால் குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம், உடனே திருத்தவேண்டும். பிறகு பிரானுலா, அதாவது நரம்பில் செருகும் ஊசிக்குழாய். விரல் முட்டியில் ஏற்கெனவே ஓடும் மெல்லிய நீலப் பிரானுலா போதாது, முழங்கை மடிப்பில் அகலமான பச்சை ஒன்று போடுங்கள். ரத்தத்தை அப்போதே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் லாக்டேட்டுக்கும் எடுத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் கல்ச்சருக்குச் சுத்தம் செய்த தனி இடத்தில் குத்துவதுதான் நல்லது. புட்டிக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் குறைவாகக் கிடைத்தால், காற்றில் வளரும் கிருமிக்கான ஏரோபிக் புட்டிக்கு முதலிடம். 2 மி.லி. ஊற்றிய புட்டியில் கிருமி இருந்தாலும் வளராமல் போகலாம். நரம்பு கிடைக்கவில்லை என்று அரை மணி நேரம் குத்திக்கொண்டே இருக்கக்கூடாது. கல்ச்சர் ஆண்டிபயாடிக்குக்கு முன்னால் வரவேண்டும், ஆனால் கல்ச்சருக்காக ஆண்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆண்டிபயாடிக் தாமதம் எங்கே நடக்கிறது என்று பார்த்தால் ஆர்டருக்கும் நரம்புக்கும் நடுவில்தான். 10.20க்கு எழுதுகிறார்கள், இரவில் ஃபார்மசி பூட்டியிருக்கிறது, சாவிக்கு ஆள் போகிறார், கலக்கும்போது 11.30. முதல் டோஸ் வார்டிலேயே இருக்கவேண்டும், அதற்காக ஃபார்மசியோடு சண்டை போட்டால்கூடத் தப்பில்லை. செப்சிஸ் உறுதியாகத் தெரிந்தாலோ ஷாக் இருந்தாலோ ஒரு மணி நேரத்துக்குள். ஷாக் இல்லை, கிருமிதானா என்றே சந்தேகம் என்றால் வேகமாகப் பரிசோதித்து, சந்தேகம் தீராவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஆஸ்துமாவுக்கும் டெங்கிக்கும்கூட ஆண்டிபயாடிக் ஏறும், பிறகு கார்டை யாரும் மதிக்கமாட்டார்கள். மருந்தைத் தேர்வு செய்வது டாக்டர். ஆனால் 'சர்க்கரை நோயாளி, வெறுங்காலோடு தோட்டத்து மண்ணில் நடப்பவர்' என்ற தகவல் மிஸ்ஸியிடம்தான் இருக்கும். மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமி நோய் இருந்தால் செஃப்ட்ரியாக்ஸோன் போதாது, செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமையையும் அதே மூச்சில் கேட்டுச் சொல்லிவிடுங்கள்.

லாக்டேட் 4.2 வருகிறது என்று வைப்போம். 4ஐத் தொட்டாலோ பிரஷர் விழுந்தாலோ கிலோவுக்கு 30 மி.லி., முதல் மூன்று மணி நேரத்துக்குள். 50 கிலோவுக்கு 1500, அதாவது 500 மி.லி. டிரிப் மூன்று. மூன்றையும் மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகக்கூடாது. ஒரு பாட்டில் 15 முதல் 30 நிமிடத்தில் ஓடட்டும், முடிந்ததும் மூச்சை மறுபடி எண்ணி, நுரையீரலின் அடிப்பகுதியைக் கேட்டுவிட்டு அடுத்தது. மூச்சு ஏறி, ஆக்சிஜன் இறங்கி, நொறுநொறுவென்று கேட்டால் நிறுத்தி டாக்டரைக் கூப்பிடவேண்டும். டெங்கிச் சந்தேகம் இருந்தால், ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் பார்க்காமல் இந்தக் கணக்கில் இறங்கவேண்டாம், அங்கே தண்ணீர்க் கணக்கே வேறு. லாக்டேட் பார்க்க வசதியில்லாத இடத்தில் விரல் நுனியை அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. சிறுநீர் மணிக்கு 25 மி.லி.க்குக் குறையக்கூடாது, இவருடைய எடைக்கு அதுதான் கணக்கு.

டிரிப் ஓடியும் சராசரி பிரஷர் 65ஐ எட்டவில்லை என்றால் பிரஷரை ஏற்றும் மருந்தான நோராட்ரினலின். 86/44 என்றால் சராசரி 58தான்: கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுக்கவேண்டும். கழுத்தின் பெரிய நரம்பில் லைன் போட ஆள் வரட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை, முழங்கையில் உள்ள நல்ல நரம்பில் தற்காலிகமாகத் தொடங்கலாம். அந்த இடம் வெளுக்கிறதா, வீங்குகிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

இந்த நோயாளி ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டியவர். ஆண்டிபயாடிக்கின் முதல் டோஸ் ஆம்புலன்ஸ் ஏறும் முன்பே உள்ளே போயிருக்கவேண்டும், 'அங்கே போய்க் கொடுப்பார்கள்' என்ற பேச்சே கூடாது. ரெஃபரல் கடிதத்தோடு கார்டின் நகலும் போகட்டும்: 9 கண்ட நேரம், கல்ச்சர் எடுத்த நேரம், ஆண்டிபயாடிக் ஏறிய நேரம், ஓடிய தண்ணீரின் அளவு. கல்ச்சர் முடிவு ஒன்றிரண்டு நாளில் வரும், லேப் நம் வார்டுக்குத்தான் போன் செய்யும், நோயாளியோ அங்கே இல்லை. அதனால் அவர் போய்ச் சேர்ந்த வார்டின் நம்பரை கார்டிலும் லேப் புத்தகத்திலும் அன்றிரவே எழுதி வைக்கவேண்டும்.