மருந்துக்கு முன்பே எதிர்ப்பு இருக்கிறது

"ஸ்ட்ரெப்டோமைசின் பட்ட பிறகுதான் பாக்டீரியா தன் மரபணுவை மாற்றி எதிர்ப்பை உண்டாக்குகிறது."

இப்படிச் சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை நண்பரே. மரபணுப் பிறழ்வு சில பாக்டீரியாக்களில் தற்செயலாக முன்பே நேர்ந்துவிடுகிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று அந்தச் சிலவற்றை மிஞ்சவிடுகிறது. 1952இல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பர்க் இணையர் இதைக் காட்டினர். ஆய்வகத்தில் நீங்களே பார்க்கலாம்.

மருந்தில்லாத தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவை அடர்த்தியாக வளர்த்து, கிருமி நீக்கிய வெல்வெட்டில் ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மூன்று தட்டுகளில் பதியுங்கள். விளிம்பில் திசைக்குறி அவசியம். இல்லையென்றால் இடம் பொருத்த முடியாது. மூன்றிலும் ஒரே இடத்தில் காலனி வந்தால், மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்துச் சோதியுங்கள். மருந்தையே காணாத அந்தச் செல்களுக்குள் எதிர்ப்புள்ளவை செறிந்திருக்கும்.

பிளாஸ்மிடு எனும் சிறு டி.என்.ஏ வளையம் வழியே ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எதிர்ப்பு பரவுவதும் உண்மைதான், ஆனால் அது வேறு வழி. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பிறழ்வு வேகத்தையே கூட்டலாம் என்பதும் சரி. நோயாளி உடலில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.