48 இலக்கம் கேட்கும் நீலத் திரை

ஃபர்ம்வேர் அப்டேட் தானாக இறங்குகிறது, லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் நீலத் திரையில் வந்து நின்று, விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயைக் கொடு என்கிறது. 48 இலக்கம்! அப்டேட்டை நான் கேட்டேனா?

பூட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. கணினி கிளம்பும்போது ஃபர்ம்வேரும் செக்யூர் பூட் அமைப்புகளும் எப்படி இருக்கின்றன என்று டிபிஎம் சிப்பில் பதிவாகும். பழைய பதிவோடு ஒத்துப்போனால்தான் சிப் சாவியை விடும். ஃபர்ம்வேர் மாறினால் பதிவும் மாறலாம். திருடன் கை வைத்தானா, கம்பெனிக்காரன் கை வைத்தானா என்று சிப்புக்கு எப்படித் தெரியும்?

ஆத்திரமெல்லாம் அந்த அப்டேட் நிரலை எழுதியவர்கள் மேல்தான். வேலையைத் தொடங்குமுன் நிர்வாகி உரிமையோடு இந்த ஒரு வரியை ஓட்டியிருந்தால் போதும்:

```
manage-bde -protectors -disable C: -rebootcount 1
```

இதனால் வட்டின் குறியாக்கம் கழன்றுவிடாது. ஒரு ரீஸ்டார்ட் வரை காவல் தளர்ந்திருக்கும், பிறகு புதிய பதிவை வைத்துத் தானே பூட்டிக்கொள்ளும். சில அப்டேட்டுகள் இதை ஒழுங்காகச் செய்கின்றன. செய்யாதவை வந்து நம் தலையில் விடிகின்றன.

இதில் இன்னொரு கூத்து, பலருக்கும் தங்கள் வட்டு பூட்டியிருப்பதே தெரியாது. பல விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே குறியாக்கம் தானாக இயங்கிவிடும், சாவி அந்தக் கணக்குக்குப் போய்விடும். எந்தக் கணக்கு? முதல் நாள் லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவர் அவசரத்துக்கு உருவாக்கிய மின்னஞ்சலாக இருந்தால் தீர்ந்தது கதை. நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று தெரியும். அதன் முதல் 8 எழுத்துகளை வேறொரு கருவியில் aka.ms/myrecoverykey திறந்து, அங்குள்ள பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவைத்தான் கேட்க வேண்டும். எங்குமே சாவி இல்லையா? பின்வாசல் கிடையாது. சர்வீஸ் சென்டரில் "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார்கள், அவ்வளவு சுலபமாக. அவர்கள் வீட்டுப் புகைப்படங்களா போகின்றன?

திரை வருமுன்பே சாவியைப் பார்த்து வைக்க, இதையும் நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டும்:

```
manage-bde -protectors -get C:
```

நியூமரிக்கல் பாஸ்வேர்டு என்ற தலைப்பின் கீழ் ஐடியும், ஆறாறாக எட்டுத் தொகுதி எண்களும் வரும். இரண்டையும் சேர்த்தே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் வகுத்துப் பார்த்துப் பிடித்துவிடலாம். தாளை லேப்டாப் பைக்குள்ளேயே சொருகி வைக்கும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள். பை திருடுபோனால் சாவியோடு சேர்த்தே போகும். விண்டோஸை மறுபடி நிறுவி வட்டைப் புதிதாகக் குறியாக்கினால் சாவி மாறிவிடும், பழைய தாள் செல்லாது. அன்றைக்கே புதிதாக எழுத வேண்டும். இந்த வேலையும் நம் தலையில்தான்.